0.0592 பிறந்த கதை

பள்ளியில் மின்வேதியியல் படித்தவர்களுக்கு 0.0592 என்ற எண் நினைவிருக்கும். மின்கலக் கணக்கில் எங்கிருந்தோ வந்து உட்காரும் எண் அது. ஏன் 0.0592 என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்த எண்ணைத் தாங்கி நிற்கும் சமன்பாடு 1889இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தது. ஆனால் அதற்கான முடிச்சு லண்டனில், 1836இலேயே விழுந்துவிட்டது.

வோல்டாவின் காலத்து மின்கலங்களுக்கு ஒரு தீராத நோய் இருந்தது. தாமிரத் தகட்டின்மேல் ஹைட்ரஜன் குமிழிகள் படிந்து, சற்று நேரத்தில் மின்னோட்டம் படுத்துவிடும். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஜான் ஃபிரெடெரிக் டேனியல் இதற்கு வழி கண்டார். துத்தநாகத்தை அமிலத்திலும் தாமிரத்தைத் தாமிர சல்பேட் கரைசலிலும் தனித்தனியே வைத்தார். இரண்டும் கலக்காமல், அயனிகள் மட்டும் கடந்து போக ஒரு தடுப்பு வேண்டும். அதற்கு முதலில் அவர் பயன்படுத்தியது மாட்டின் உணவுக்குழாய்! ஹைட்ரஜனுக்குப் பதிலாகத் தாமிரமே தகட்டில் படிந்தது, குமிழி இல்லை. ஏறத்தாழ 1.1 வோல்ட் நிலையாகக் கிடைத்தது. தந்தி நிலையங்கள் இந்த மின்கலத்தை ஆசையாக ஏற்றுக்கொண்டன.

இந்த மின்கலமே அறிவியலாளர்களைத் தவறான வழியில் நடத்தியதுதான் கதையின் சுவையான பகுதி. பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன், 1851இல் ஓர் எளிய கணக்குப் போட்டார்: வேதிவினையில் வெளிப்படும் வெப்பம் முழுவதும் மின்னாற்றலாக மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், வெப்பத்தை அளந்தே வோல்ட்டைச் சொல்லிவிடலாம். டேனியல் மின்கலத்துக்குப் போட்டுப் பார்த்தால் கச்சிதமாகப் பொருந்தியது. இன்றைய எண்களில் சொன்னால், அந்த வினையின் வெப்பம் மோலுக்கு 219 கிலோஜூல். அது தரும் விடை 1.13 வோல்ட். உண்மை 1.10. இவ்வளவு நெருங்கி வந்தால் யார்தான் நம்பமாட்டார்கள்?

வேறு மின்கலங்களில் கணக்கு உதைத்தது. சில மின்கலங்கள் இயங்கும்போது குளிர்ந்தன; அதாவது வினை வெப்பத்தைவிட அதிகமாகவே மின்னாற்றல் தந்தன. அமெரிக்காவில் கிப்ஸும் ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்சும் இதற்கு விடை சொன்னார்கள். மின்கலம் தரக்கூடியது வினையின் வெப்பத்தை அல்ல. அந்த வினையிலிருந்து உச்சமாக எவ்வளவு வேலை வாங்க முடியுமோ அதை. இதற்கு 1882இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வைத்த பெயர்தான் கட்டிலா ஆற்றல். இன்று நாம் எழுதும் ΔG = −nFE என்பதன் உள்ளடக்கம் இதுவே. டேனியல் மின்கலத்தில் இரண்டு ஆற்றல்களும் தற்செயலாக அருகருகே அமைந்ததால், வித்தியாசம் கண்ணில் படவில்லை.

ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. கரைசலை நீர்க்கச் செய்தால் வோல்ட் ஏன் மாறுகிறது, எவ்வளவு மாறும்? இங்கேதான் வால்டர் நெர்ன்ஸ்ட் வருகிறார். லைப்சிக்கில் ஆஸ்ட்வால்டின் ஆய்வகத்தில் உதவியாளர், வயது 25. அப்போது இரண்டு கருத்துகள் புதுச்சூட்டில் இருந்தன. உப்பு கரையும்போது அயனிகளாகப் பிரிகிறது என்றார் அரீனியஸ். கரைந்த துகள்களின் சவ்வூடுபரவல் அழுத்தம் வாயு விதிக்குக் கட்டுப்படுகிறது என்றார் வான்ட் ஹாஃப். நெர்ன்ஸ்ட் இரண்டையும் சேர்த்தார். உலோகம் தன் அயனிகளைக் கரைசலுக்குள் தள்ளுகிறது; கரைசலில் ஏற்கெனவே உள்ள அயனிகள் எதிர்த்துத் தள்ளுகின்றன. வாயு ஓர் அழுத்தத்திலிருந்து மற்றோர் அழுத்தத்துக்கு விரியும்போது செய்யும் வேலையில் மடக்கை வரும். ஆகவே மின்னழுத்தத்திலும் செறிவின் மடக்கைதான் வரவேண்டும்.

உலோகம் தள்ளும் இந்த ‘கரைசல் அழுத்தம்’ துத்தநாகத்துக்கு வளிமண்டல அழுத்தத்தைப் போல் 10¹⁸ மடங்குக்கும் மேல் என்று கணக்கு வந்தது. நடக்கிற காரியமா? அந்தப் படிமம் பிறகு கைவிடப்பட்டது. சமன்பாடு மட்டும் நின்றது:

E = E° − (0.0592/n) log Q

0.0592 என்பது 25 டிகிரி செல்சியஸில் 2.303RT/F-இன் மதிப்பு. வெப்பநிலை மாறினால் அதுவும் மாறும். Q என்பது வினைக் குணகம். விளைபொருளின் செறிவை வினைபடுபொருளின் செறிவால் வகுத்துக் கிடைப்பது.

டேனியல் மின்கலத்திலேயே போட்டுப் பார்ப்போம். துத்தநாக அயனி 1 மோலார், தாமிர அயனி 0.001 மோலார் என்று கொள்வோம். துத்தநாகம் கரைகிறது, தாமிரம் படிகிறது. கைமாறும் எலக்ட்ரான்கள் இரண்டு. திண்ம உலோகங்கள் Q-வில் இடம்பெறா. ஆகவே Q = 1/0.001 = 1000; அதன் மடக்கை 3. எனவே E = 1.10 − 0.0296 × 3, அதாவது 1.01 வோல்ட். தாமிரம் ஆயிரம் மடங்கு குறைந்தும் வோல்ட் பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. மடக்கையின் வேலை இது. விடை 1.10-ஐத் தாண்டி 1.19 என்று வந்தால் Q-வைத் தலைகீழாக எழுதியிருக்கிறீர்கள். செலவாகும் பொருள் குறைந்திருக்கும்போது வோல்ட் ஏறாது.

கட்டிலா ஆற்றல் அடுத்த வரி: ΔG = −2 × 96485 × 1.01, சுமார் −195 கிலோஜூல். திட்ட நிலையில், அதாவது இரண்டும் 1 மோலாராக இருக்கும்போது, இது −212. இடையிலுள்ள 17 கிலோஜூல் நீர்க்கச் செய்ததற்கான விலை.

சமநிலை மாறிலியில்தான் பலர் வழுக்குகிறார்கள். மின்கலம் முழுவதும் இயங்கி ஓய்ந்தால் E பூஜ்யமாகும். அப்போதைய Q-தான் K. சமன்பாட்டில் அதை வைத்தால் log K = nE°/0.0592. இங்கே வருவது E° மட்டுமே. நாம் கணக்கிட்ட 1.01-க்கு இடமில்லை. 2 × 1.10 / 0.0592 = 37.2, K சுமார் 1.5 × 10³⁷. செறிவை எப்படி மாற்றினாலும் இந்த எண் அசையாது. தவறுதலாக 1.01-ஐப் போட்டால் கிடைப்பது சுமார் 10³⁴. அது K அல்ல, K/Q. சமநிலையை எட்ட இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதன் அளவு.

10³⁷ என்றால் என்ன? ஓய்ந்த மின்கலத்தில் ஒரு லிட்டருக்கு ஒரு தாமிர அயனிகூட மிஞ்சாது என்று கணக்கு சொல்கிறது. K-வின் கடைசி இலக்கங்களை நம்பவும் வேண்டாம்: E°-இல் 0.03 வோல்ட் பிசகினால் K பத்து மடங்கு மாறிவிடும்.

இன்னொரு எல்லையும் உண்டு. அயனிகள் ஒன்றையொன்று கவனிக்காமல் வாயுத் துகள்கள்போல் திரிகின்றன என்பது நெர்ன்ஸ்ட் வைத்துக்கொண்ட எளிமை. அடர்ந்த கரைசலில் அது நடக்காது. 1907இல் கில்பர்ட் லூயிஸ் செறிவுக்குப் பதிலாக ‘ஆக்டிவிட்டி’ என்ற அளவைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். 1 மோலார் துத்தநாக சல்பேட்டில் அயனிகளின் ஆக்டிவிட்டி 0.04-ஐ ஒட்டியே இருக்கும். அதைப் போட்டு, தாமிரத்தின் பக்கத்தையும் திருத்தினால் நம் 1.01 வோல்ட், 1.05 ஆகிறது. எனவே ஆய்வகத்தில் இந்த மின்கலத்தை அமைத்து, வோல்ட்மீட்டர் 1.05-ஐ ஒட்டிக் காட்டினால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். Q-வில் செறிவை எடுத்துவிட்டு ஆக்டிவிட்டியைப் போட்டுப் பாருங்கள்.