ஹாமிங் குறியீடு

நினைவகச் சொல்லில் ஒரு பிட் பிறழ்ந்தால், அதன் இடத்தைக் கண்டு திருத்தும் முறை. பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹாமிங் 1950-இல் வெளியிட்டார்.

நான்கு தரவு பிட்கள் 3, 5, 6, 7-ஆம் இடங்களிலும், சமநிலை பிட்கள் 1, 2, 4-ஆம் இடங்களிலும் அமரும். 1011 என்ற தரவுக்கு எக்ஸ்-ஆர் வாயில்கள் இவற்றைக் கணிக்கும்:

```
p1 = d3^d5^d7 = 0
p2 = d3^d6^d7 = 1
p4 = d5^d6^d7 = 0
```

நினைவகத்தில் பதிவது 0110011. ஆறாவது பிட் புரண்டு 0110001 என வந்தால், படிக்கும்போது அதே கூட்டல்களில் சேமித்த சமநிலை பிட்டையும் சேர்க்கிறார்கள்:

```
s1 = p1^d3^d5^d7 = 0
s2 = p2^d3^d6^d7 = 1
s4 = p4^d5^d6^d7 = 1
```

s4 s2 s1 என்ற வரிசையில் கிடைக்கும் 110-தான் சிண்ட்ரோம். அதன் மதிப்பு 6, பிழையின் இடமே அது. டிகோடர் அந்த ஒரு கம்பியை மட்டும் உயர்த்த, அங்குள்ள எக்ஸ்-ஆர் வாயில் பிட்டைத் திருப்பிவிடும். சிண்ட்ரோம் 000 என்றால் திருத்தம் இல்லை.

3, 5 ஆகிய இரண்டு பிட்களும் சேர்ந்து புரண்டாலும் சிண்ட்ரோம் 6 என்றே காட்டும். நல்ல பிட் கெடும். இதைக் கண்டறிய, சொல் முழுவதற்குமான எட்டாவது சமநிலை பிட் தேவை.