கலப்புமொழி எழுத்துப்படிச் சுருக்கம்

கலப்புமொழி எழுத்துப்படிச் சுருக்கம் என்பது, தமிழும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் கலந்த பேச்சின் எழுத்துவடிவத்தை, பொருளும் தொனியும் கெடாமல் குறுக்குவதாகும். இத்தகைய பேச்சில் ஆங்கிலம் பெரும்பாலும் பெயர்களையும் வினையடிகளையும் தருகிறது. காலம், மறுப்பு, ஐயம், மரியாதை ஆகியவற்றைத் தமிழ் விகுதிகளே சுமக்கின்றன. ஆங்கிலச் சொற்களை மட்டும் பொறுக்கியெடுக்கும் சுருக்கம் பிழைபடுவது இதனால்தான்.

இலங்கையின் ஏறாவூர்ப் பேச்சில் அமையக்கூடிய ஒரு வாக்கியம்: “லோன் அப்ரூவ் ஆகிட்டாம், ஆனா டிஎஸ் ஒபிஸ்ல லெட்டர் ஒண்டு கேக்காங்க, கொஞ்சம் பார்த்துச் செய்ங்களன்.” ‘கடன் அனுமதிக்கப்பட்டது’ என்று சுருக்கினால், ‘ஆம்’ விகுதி காட்டும் கேள்விப்பட்ட செய்தி உறுதியான தகவலாகிவிடும். ‘டிஎஸ் ஒபிஸ்’ பிரதேச செயலகத்தைக் குறிக்கும். ஆனால் ஏறாவூர் நகருக்கு ஒன்றும், செங்கலடியில் ஏறாவூர்ப்பற்றுக்கு ஒன்றும் இருப்பதால், எது என்பதை உரையாடலின் முன்பகுதியில் தேடவேண்டும். கிடைக்காவிடில் பெயரிடாமல் விடுவதே முறை. இறுதித் தொடர் கட்டளையன்று, வேண்டுகோள்.

ஏற்ற சுருக்கம்: ‘கடன் அனுமதிக்கப்பட்டதாகக் கேள்விப்பட்டுள்ளார், பிரதேச செயலகம் கடிதம் கேட்பதால் உதவுமாறு வேண்டுகிறார்.’ ‘லோன்’ கடனாக மாறியதில் இழப்பில்லை. விகுதி விடுபட்டிருந்தால் செய்தியே மாறியிருக்கும். சரிபார்ப்பவர் முதலில் மூலத்தின் வினைமுடிவுகளையே சுருக்கத்தோடு ஒப்பிடுவார். குரலின் ஏற்ற இறக்கத்தில் மட்டும் வெளிப்படும் கிண்டல் எழுத்துப்படியில் பதிவாகாது; அதற்கு ஒலிப்பதிவைக் கேட்கவேண்டும்.