தடுப்புக் காவல்

'தடு', 'கா' என்னும் இரு வினைகளிலிருந்து பிறந்த தொடர் இது. 'காவல்' பாதுகாப்பையும் குறிக்கும், அடைத்து வைப்பதையும் குறிக்கும். செய்த குற்றத்துக்குத் தண்டனையாக அல்லாமல், இனி செய்யக்கூடும் என்ற ஐயத்தில் ஒருவரை விசாரணையின்றி அடைப்பதே தடுப்புக் காவல். உபா போன்ற பயங்கரவாதத் தடைச் சட்டங்கள் வேறு: அவற்றில் ஜாமீன் கிடைப்பது அரிது என்றாலும் குற்றச்சாட்டும் வழக்கும் உண்டு.

இம்முறை 1818-இன் வங்காள ஒழுங்குமுறையிலேயே இருந்தது. சுதந்திர இந்தியாவும் அதைக் கைவிடவில்லை. அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவிலேயே இடம் கொடுத்தது.

1950-இல் சென்னை மாகாணச் சிறையிலிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றம் சென்றார். அவ்வாண்டின் தடுப்புக் காவல் சட்டம் செல்லும் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. ஆனால் காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக்கூடாது என்ற 14-ஆம் பிரிவு மட்டும் ரத்தானது. அவர் விடுதலையாகவில்லை, இருந்தும் அந்த ரத்து பெரிய விஷயம். காரணம் தெரியாமல் எப்படி மறுப்பது?

இன்றும் குண்டர் சட்ட வழக்குகள் பல அந்த இடத்தில்தான் உடைகின்றன. ஆணையோடு தந்த நகலில் ஒரு பக்கம் படிக்க முடியாமல் இருக்கும். அல்லது ஆங்கில ஆவணத்துக்குத் தமிழாக்கம் தரப்பட்டிருக்காது. கைதியின் முறையீட்டை அரசு காரணமின்றித் தாமதித்திருந்தாலும் உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்கிறது. ஆனால் ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வருவதற்குள் சில மாதங்கள் சிறையிலேயே கழிந்துவிடுவதுண்டு. அந்த நாட்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தருவதில்லை.