பெட்டியின் தரைக்குக் கீழே ஓர் எல்லை

கல்முனையில் இருந்தபடியே கைபேசியில் கணக்குத் திறந்து, கொழும்புப் பங்குச் சந்தையில் இன்று பங்கு வாங்கலாம். ஆனால் வாங்குமுன், எந்த விலையில் வெளியேறுவது என்று தீர்மானித்திருக்க வேண்டும். நடனக் கலைஞர் நிக்கலஸ் டார்வஸ் 1960இல் வெளியிட்ட நூலில் விளக்கிய ‘பெட்டி’ முறை இதற்கு உதவும்.

ஓர் உதாரணம். 70 ரூபாயிலிருந்து ஏறிவந்த பங்கொன்று, நான்கு வாரங்களாக 100க்கும் 106க்கும் இடையே நிற்கிறது. இரு எல்லைகளையும் சில தடவைகள் தொட்டுத் திரும்பியிருந்தால் அதுவே பெட்டி. வழமையைவிட அதிக பங்குகள் கைமாறி விலை 107இல் முடிந்தால் வாங்கலாம். வெளியேறும் விலை, தரைக்குச் சற்றுக் கீழே, 99. பங்கொன்றுக்கு நட்டம் 8 ரூபாய். ஆகவே 4,000 ரூபாய்க்கு மேல் இழக்க முடியாதவர் 500 பங்குகளே வாங்கலாம். தரை 80ஆக இருந்தால் நட்டம் 28 ரூபாய். 142 பங்குகளே வாங்கலாம். பெட்டி ஒடுக்கமாக இருக்கவேண்டியது இதனால்தான்.

கைமாற்றம் குறைவாக இருக்கும்போது கூரையைத் தாண்டும் விலை, பெட்டிக்குள்ளேயே திரும்பிவிடக்கூடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2022 ஏப்ரல் 18 முதல் ஐந்து நாட்கள் கொழும்புச் சந்தை மூடப்பட்டது. 25ஆம் திகதி திறந்ததும் விலைகள் சரிந்து வர்த்தகம் இடைநிறுத்தப்பட்டது. அத்தகைய நாளில் 99இல் வாங்க ஆளிருக்காது. கடன்பட்ட பணத்தில் இதைச் செய்யக்கூடாது.