கருநிறச் சருமத்துக்கான சன்ஸ்கிரீன்

கருநிற, மாநிறச் சருமத்துக்கும் புழுக்கமான வானிலைக்கும் ஏற்ற வெயில்காப்புக் களிம்பை, அதன் உறையில் உள்ள குறியீடுகளையும் உட்பொருள் பட்டியலையும் படித்துத் தேர்ந்தெடுக்கலாம். இத்தகைய சருமம் வெயிலில் எளிதில் சிவந்து எரிவதில்லை. அதன் தொல்லை கருமைதான்: கன்னத்தில் மங்கு படர்வதும், பரு இருந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடப்பதும்.

உறையில் பெரிதாக அச்சிடப்படும் எஸ்.பி.எஃப். எண், புற ஊதா பி கதிரால் தோல் சிவப்பதைக் களிம்பு எவ்வளவு தடுக்கிறது என்பதையே முதன்மையாக அளக்கிறது. ஆய்வகக் கணக்கில் 30 என்பது அந்தக் கதிரில் ஏறத்தாழ 97 விழுக்காட்டையும், 50 என்பது 98 விழுக்காட்டையும் தடுக்கும். ஆகவே 30-க்கு மேல் இந்த எண்ணைத் துரத்துவதைவிட அருகிலுள்ள பி.ஏ. குறியைப் பார்ப்பது நல்லது. ஜப்பானில் தோன்றிய இந்தக் குறி, தோலைக் கறுக்கவைக்கும் புற ஊதா ஏ கதிருக்கு எதிரான காப்பைச் சொல்கிறது. நான்கு கூட்டல் குறிகள் இருந்தால் அதுவே உச்சநிலை.

மங்கு உள்ளவர்களுக்கு இதுவும் போதாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும், குறிப்பாக அதன் நீலப் பகுதி, கருநிறத் தோலில் கருமையைத் தூண்டுகிறது. இந்த ஒளியை எஸ்.பி.எஃப்., பி.ஏ. இரண்டுமே அளப்பதில்லை. இதைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு. பட்டியலில் அது சி.ஐ. 77491, 77492, 77499 என்ற நிறமி எண்களாக இருக்கும். நிறமிகளைப் பட்டியலின் கடைசியில் எழுத விதி இடம் தருவதால், கடைசியில் இருப்பதைக் கொண்டு அளவு குறைவு என்று முடிவு செய்யக் கூடாது. களிம்பைப் பிதுக்கிப் பார்த்தால் ஓரளவு தெரியும்: வெள்ளையாக வந்தால் நிறமி இல்லை அல்லது மிகக் குறைவு, கோதுமை அல்லது பழுப்பு நிறத்தில் வந்தால் பயன்படும்.

சென்னையில் தினமும் பேருந்துக்குக் காத்திருக்கும், மங்கு உள்ள ஒரு பெண்ணின் முன் இரண்டு குழாய்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றில் எஸ்.பி.எஃப். 50, மூன்று கூட்டல் குறிகள். பட்டியலின் தொடக்கத்திலேயே ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் இருக்கின்றன, நிறமி எண்கள் இல்லை. இந்த வெண்பொடிகள் மாநிறத்தில் சாம்பல் பூத்தாற்போலத் தெரியும்; அதற்கு அஞ்சியே பலர் குறைவாகப் பூசுகிறார்கள். மற்றதில் எஸ்.பி.எஃப். 30, நான்கு கூட்டல் குறிகள், எண்ணெய்ப்பசையை உறிஞ்சும் சிலிகா, மேற்சொன்ன மூன்று எண்கள். இவருக்கு ஏற்றது இரண்டாவதே. வாங்குமுன் தாடையோரம் சிறிது தடவி, காய்ந்ததும் பகல் வெளிச்சத்தில் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

உறையில் உள்ள எண் கிடைக்கத் தோலின் ஒரு சதுர செ.மீ.க்கு 2 மி.கி. பூச வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்குவது நடைமுறைக் கணக்கு. நீர் தாங்கும் வகை என்று எழுதியிருந்தாலும் வியர்வையில் அது நெடுநேரம் நிற்காது. வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்வையைத் தேய்க்காமல் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மறுபடி பூச வேண்டும்.