இரண்டு தேதிகளுக்கு நடுவே

என் மகள் பிறந்தது 2019 டிசம்பர் 20. அவளுடைய தடுப்பூசிகளுக்காக ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் நான் ஒரு அட்டவணை போட்டேன். கிளினிக்கில் கொடுத்த சுகாதாரப் புத்தகம் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் எதையும் என் கையால் எழுதினால்தான் எனக்குத் திருப்தி. இடது பக்கம் ‘போட வேண்டிய தேதி’, வலது பக்கம் ‘போட்ட தேதி’. எல்லாம் சரியாகவே நடக்கும் என்ற நம்பிக்கையில் மார்ச் 20ஆம் தேதி ஊசியை வலது பக்கத்திலும் முன்கூட்டியே எழுதிவிட்டேன். மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வீட்டை விட்டு வெளியே போகவே பயம். நானாகவே போகாமல் இருந்துவிட்டேன். புத்தகத்தில் எழுதியதை அழிக்கவும் மறந்துபோனேன்.

மே 18ஆம் தேதி கிளினிக்கிற்குப் போனபோது மிஸ்ஸி என் புத்தகத்தையும் அவருடைய புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“மார்ச் இருபது போட்டாச்சுன்னு எழுதியிருக்கீங்க. இங்க பேட்ச் நம்பரும் இல்ல, கையெழுத்தும் இல்லையே?”

“போடல மிஸ்ஸி. சும்மா எழுதி வச்சேன்.”

“சும்மா எழுதுறதுக்கா இந்தக் கட்டம்?” என்றார். கோபமில்லை, சிரிப்புதான். ஆனால் எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. என் அட்டவணையை மட்டும் நம்பி யாராவது அடுத்த ஊசியைப் போட்டிருந்தால், இரண்டாவது ஊசி போடாமலே மூன்றாவது என்று கணக்காகியிருக்கும்.

அன்றைக்குப் பிறகுதான் இந்த இரண்டு கட்டங்களும் எங்கிருந்து வந்தன என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் அகப்பட்டது இங்கிலாந்து. 1853இல் அங்கே பெரியம்மைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கினார்கள். குழந்தை பிறந்து மூன்று மாதத்திற்குள் குத்திவிட வேண்டும். குத்திய எட்டாம் நாள் குழந்தையை மறுபடியும் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். கையில் கொப்புளம் எழும்பியிருக்கிறதா என்று மருத்துவர் பார்த்து, ஊசி பிடித்திருந்தால்தான் சான்றிதழ் தருவார். பின்னாளில் ஊர்ப் பதிவேடுகளில் பிறந்த தேதி, பெற்றோருக்கு அறிவிப்புக் கொடுத்த தேதி, சான்றிதழ் வந்த தேதி எல்லாம் ஒரே வரிசையில் ஏறின. வலது பக்கம் காலியாக இருந்தால் அந்த வீட்டைத் தேடிப் போவார்கள். இன்றைய நம் அட்டவணையின் பாட்டன் அதுதான் என்று நினைக்கிறேன். அதில் ‘முடிந்தது’ என்றால் ஊசி குத்தியது மட்டுமல்ல, பிடித்தது என்று ஒருவர் பார்த்துச் சொன்னது. என் பயிற்சிப் புத்தகத்தில் இல்லாமல் போனது அந்த இன்னொரு கண்.

ஆனால் அந்தப் பேரேடு அதிகாரியிடம் இருந்தது. தாயின் கையில் ஒன்றும் இல்லை. அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் டேவிட் மார்லி என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர். 1950களின் இறுதியில் அவர் நைஜீரியாவின் மேற்குப் பகுதியில், இலேஷா நகருக்குப் பக்கத்திலுள்ள இமெசி-இலே என்ற ஊரில் வேலை செய்தார். அங்கே பிறந்த குழந்தைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் சத்துக்குறைவும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும் ஊர் அது. குழந்தையின் பதிவேடு மருத்துவமனை அலமாரியில் இருந்தால், அடுத்த முறை தாய் வரும்போது அதைத் தேடி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். அவள் வேறு மருத்துவமனைக்குப் போனால் பதிவேடு கூடப் போகாது.

மார்லி அட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தாயிடமே கொடுத்தார். தொலைத்துவிடுவார்கள் என்று பலர் சொன்னார்கள். தாய்மார்கள் பத்திரமாகவே வைத்திருந்தார்கள். அலமாரியில் தொலைந்த அளவுக்குக்கூட வீட்டில் தொலையவில்லை. ‘ஆரோக்கியத்தின் பாதை’ என்ற பெயரில் அந்த அட்டை பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது.

அந்த அட்டையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு. கீழே மாதக் கட்டங்கள் வரிசையாக இருக்கும். முதல் கட்டத்திற்குத் தடித்த கரை. குழந்தை பிறந்த மாதத்தை அதில் எழுத வேண்டும். அதற்கடுத்த கட்டங்களில் அடுத்தடுத்த மாதங்களின் பெயர்களை ஒரே தடவையில் எழுதி முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு வருடமும் பிறந்த மாதம் வரும் கட்டத்திற்கும் தடித்த கரைதான். அதற்குப் பிறகு, பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று யாரும் கணக்குப் பண்ண வேண்டியதில்லை. இது செப்டம்பர் என்றால் செப்டம்பர் கட்டத்துக்கு நேர் மேலே எடையைப் புள்ளியாக வைத்தால் போதும். வயதைத் தேதியாக மாற்றிவிட்டார் அந்த மனிதர். ‘ஒன்பதாம் மாதம்’ என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். ‘செப்டம்பர்’ என்பது சுவரில் நாட்காட்டியில் தொங்குகிறது. கட்டங்களுக்கு மேலே இரண்டு வளைகோடுகள், நடுவில் ஒரு பாதை. குழந்தையின் கோடு பாதைக்குள் எங்கே இருக்கிறது என்பதைவிட, எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம் என்று மார்லி சொல்லிக்கொடுத்தார். கோடு படுத்துவிட்டால் ஆபத்து. அதே அட்டையில் தடுப்பூசிகளுக்கும் இடம் வைத்தார்.

1974இல் உலகச் சுகாதார நிறுவனம் விரிவான தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. காசநோய், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், வில்வாத ஜன்னி, இளம்பிள்ளை வாதம், தட்டம்மை என்று அப்போது ஆறு நோய்கள். ஒரே குழந்தை பல முறை வர வேண்டியிருந்தது. ஒரே ஊசியை மூன்று முறை போட வேண்டும் என்றானபோது ‘போட வேண்டிய தேதி’ என்ற கட்டத்திற்கு உயிர் வந்தது. முதல் ஊசிக்கு வந்த பிள்ளை மூன்றாவது ஊசிக்கு வந்ததா என்பதை அது காட்டிக்கொடுக்கும். இன்றைக்கும் ஒரு நாட்டின் தடுப்பூசி நிலையை அளக்க அந்த மூன்றாவது முத்தடுப்பூசியைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள்.

இனி என் அட்டவணைக்கு வருகிறேன். மிஸ்ஸி சொன்னபடி திருத்தி எழுதியது இது. அப்போது மலேசியாவில் இருந்த கால அட்டவணைப்படி உள்ளது. பின்னர் ஆறு நோய்களுக்கான ஒரே ஊசி வந்து இது மாறிவிட்டது.

| ஊசி | போட வேண்டியது | போட்டது | எடை (கிலோ) |
|---|---|---|---|
| பிசிஜி, ஹெபடைடிஸ் பி 1 | 20.12.2019 | 20.12.2019 | 3.0 |
| ஹெபடைடிஸ் பி 2 | 20.1.2020 | 21.1.2020 | 4.0 |
| ஐந்து நோய் ஊசி 1 | 20.2.2020 | 20.2.2020 | 5.0 |
| ஐந்து நோய் ஊசி 2 | 20.3.2020 | 18.5.2020 | 6.4 |
| ஐந்து நோய் ஊசி 3 | 20.5.2020, திருத்தியது 22.6.2020 | 22.6.2020 | 6.8 |
| ஹெபடைடிஸ் பி 3 | 20.6.2020 | 22.6.2020 | |
| எம்எம்ஆர் 1 | 20.9.2020 | 21.9.2020 | 7.0 |
| எம்எம்ஆர் 2 | 20.12.2020 | 21.12.2020 | 7.9 |

ஐந்தாவது வரிசையைப் பாருங்கள். அச்சிட்ட புத்தகத்தின்படி மூன்றாவது ஊசி மே 20. இரண்டாவதைப் போட்டதோ மே 18. “நாளன்னைக்கு வரவா மிஸ்ஸி?” என்று கேட்டேன். “வந்தா சும்மா வந்துட்டுப் போக வேண்டியதுதான்,” என்றார். இரண்டு ஊசிகளுக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம் வேண்டும். உடம்பு முதல் ஊசியைப் படித்து முடிக்க வேண்டாமா? சீக்கிரமாகப் போட்ட ஊசி கணக்கில் சேராது, மறுபடி போட வேண்டிவரும். தாமதமானால் அந்தக் கவலை இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. ஆனால் அந்த இரண்டு மாதமும் குழந்தைக்குப் பாதுகாப்புக் குறைவுதான். கக்குவான் இருமல் கைக்குழந்தைகளைத்தான் கடுமையாகத் தாக்கும் என்று அவர் சொன்னபோது எனக்கு வாய் பேச வரவில்லை.

அதாவது, ‘போட வேண்டிய தேதி’ பிறந்த நாளிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. அதற்கு முன் வரிசையின் ‘போட்ட தேதி’யிலிருந்தும் பிறக்கிறது. வலது பக்கம் ஒரு பொய் நுழைந்தால் அதற்குக் கீழே உள்ள இடது பக்கம் முழுக்கக் கெட்டுப்போகும். வெறும் சரிக்குறி போட்டாலும் இதே கதைதான். போட்டது தெரியும், எப்போது என்பது தெரியாது. பழைய தேதியை அழிக்காமல் திருத்திய தேதியைப் பக்கத்திலேயே எழுதச் சொன்னார் மிஸ்ஸி. ஏன் தள்ளிப்போனது என்று பின்னால் பார்ப்பவருக்குப் புரிய வேண்டுமல்லவா.

கடைசிக் கட்டத்திலும் ஒரு கதை இருக்கிறது. ஜூன் 22இலிருந்து செப்டம்பர் 21 வரை மூன்று மாதத்தில் ஏறியது 200 கிராம். அந்த வயதில் பெண் குழந்தைகளுக்குச் சராசரியாக 900 கிராம் ஏறும். ஆனால் ஏழு கிலோ என்ற எண்ணை மட்டும் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோலின்படி ஒன்பது மாதப் பெண் குழந்தைக்கு எச்சரிக்கைக் கோடு 6.5 கிலோ. என் மாமியாரும், “நம்ம வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் ஒல்லிதான்மா,” என்று முடித்துவிட்டார். மிஸ்ஸி எண்ணைப் பார்க்கவில்லை; படுத்துவிட்ட கோட்டைப் பார்த்தார். “என்ன சாப்பாடு குடுக்குறீங்க?”

கேரட் போட்டுக் கரைத்த அரிசிக் கஞ்சி. அவ்வளவுதான். வயிறு நிறையும், சத்து நிறையாது. முட்டை, வறுத்துப் பொடித்த நெத்திலி, ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்துக் கெட்டியாகக் கொடுக்கச் சொன்னார். டிசம்பரில் 7.9. இன்னும் ஒல்லிதான், ஆனால் கோடு எழுந்து நடக்கிறது.

இந்த இடத்தில் அட்டையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 1993இல் ‘லான்செட்’ இதழில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்த ஒரு ஆய்வு வந்தது. சில கிராமங்களில் வளர்ச்சி அட்டையோடு மருத்துவக் கவனிப்பும் உணவு ஆலோசனையும். மற்ற கிராமங்களில் அட்டை இல்லாமல் அதே கவனிப்பு. குழந்தைகளின் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. செப்டம்பரில் புள்ளியை வைத்துவிட்டு மிஸ்ஸி ஒன்றும் கேட்காமல் அனுப்பியிருந்தால், நானும் கேரட் கஞ்சியையே தொடர்ந்திருப்பேன்.

அடுத்த ஊக்க ஊசி பதினெட்டாம் மாதம், 2021 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை. மறுபடியும் முழு முடக்கம். இந்த முறை வலது பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு முதலில் கிளினிக்கிற்கு ஃபோன் போட்டேன். மறுநாள் வரச் சொன்னார்கள். ஊசி போட்டு, கையெழுத்தும் பேட்ச் நம்பரும் புத்தகத்தில் ஏறிய பிறகு, கார் நிறுத்துமிடத்திலேயே என் பயிற்சிப் புத்தகத்தை மடியில் வைத்து எழுதினேன்: 21.6.2021.