தண்ணீர்க் குழாயை மூடினால் வீடு திரும்பக் கிடைக்குமா?

வாடகைக்கு விட்ட வீட்டைத் திரும்பப் பெற விரும்பும் சில உரிமையாளர்கள் நீதிமன்றத்தை நாடுவதில்லை. தண்ணீர்த் தாங்கியின் வால்வை மூடுகின்றனர். மின் இணைப்பைத் துண்டிக்கின்றனர். நேரங்கெட்ட நேரத்தில் வந்து கதவைத் தட்டுகின்றனர். குடியிருப்பவர் சலித்துப்போய்த் தாமாகவே பொருட்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார் என்பது அவர்களது கணக்கு. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் சொந்தக்காரரின் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸ்களில் வாழும் குடும்பங்களுக்கு இது புதிய கதையன்று. வால்வும் மீட்டரும் சொந்தக்காரரின் பக்கத்தில் இருப்பதே இங்குள்ள சிக்கல்.

இந்நாட்டில் வாடகை உறவுக்கு அடிப்படையாக இருப்பது உரோம டச்சுச் சட்டம். அதன்படி, வீட்டை வாடகைக்கு விடுபவர் சாவியைக் கையளிப்பதுடன் தமது கடமையை முடித்துக்கொண்டவர் ஆகார். வாடகைக் காலம் முழுவதும் குடியிருப்பவர் அந்த வீட்டைக் குழப்பமின்றி அனுபவிப்பதற்கு அவர் பொறுப்பாளி. அவரே குழப்பம் விளைவித்தால் அது ஒப்பந்த மீறலாகும். குடியிருப்பவர் நட்டஈடு கோரலாம். இடையூறு பாரதூரமானதாயின் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளவும் செய்யலாம்.

“நொத்தாரிசு முன்னிலையில் எழுதாத கடதாசிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை, ஆகவே உமக்கு உரிமையும் இல்லை” என்று உரிமையாளர் கூறுவது வழக்கம். இதில் பாதி மட்டுமே உண்மை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்திற்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு உறுதியாக இருத்தல் வேண்டும். அவ்வாறு இல்லாவிடின் ஓராண்டுக் குத்தகை என்று உரிமை கோர முடியாது. ஆனால் வாடகை கொடுத்தும் வாங்கியும் வந்திருப்பின், அங்கே மாத வாடகை உறவு இருக்கின்றது. அதனை முறையான அறிவித்தல் கொடுத்தே முடிக்கலாம். அறிவித்தல் முடிந்த பின்னரும் குடியிருப்பவர் வெளியேற மறுத்தால், அவரை வெளியேற்றும் அதிகாரம் நீதிமன்றத்திற்கே உண்டு.

எது தொந்தரவு, எது தொந்தரவன்று? நீர்க்கசிவைத் திருத்த முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பகலில் வரும் உரிமையாளர் எவரையும் துன்புறுத்தவில்லை. குடியிருப்பவர் பட்டியலைச் செலுத்தாததால் மின்வழங்குநர் இணைப்பைத் துண்டித்தால், அதற்கு உரிமையாளரைக் குற்றஞ்சாட்ட முடியாது. துண்டித்தவர் யார், காரணம் என்ன, அது எத்தகைய தருணத்தில் நிகழ்ந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேட வேண்டும். பட்டியல்கள் செலுத்தப்பட்டிருக்க, வீட்டைக் காலி செய்யச் சொன்ன மறுவாரமே தண்ணீர் நின்றால், அது தற்செயல் என்று எந்த நீதிபதியையும் நம்பச் செய்வது கடினம்.

வருகைகளின் நிலையும் இதுவே. ஒரு வருகையை வைத்து எதனையும் நிறுவ முடியாது. வாரத்திற்கு மூன்று தடவை வருதல், இரவில் வருதல், தம்மிடமுள்ள மறுசாவியால் திறந்துகொண்டு நுழைதல், செலுத்திய வாடகையையே மீண்டும் கேட்டு மிரட்டுதல் என அது தொடராகும்போதே தொந்தரவாகின்றது. இங்கே பலர் அறியாத ஒரு விடயம் உண்டு. தண்டனைச் சட்டக் கோவையின் 427ஆம் பிரிவு, குற்ற அத்துமீறலைப் பிறரின் ‘உரிமையில்’ உள்ள ஆதனம் என்று வரையறுக்கவில்லை. பிறரின் ‘இருப்பாட்சியில்’ உள்ள ஆதனம் என்றே வரையறுக்கின்றது. அங்கிருப்பவரை அச்சுறுத்தும், அவமதிக்கும் அல்லது தொல்லைப்படுத்தும் எண்ணத்துடன் நுழைபவர், அவ்வீட்டின் சொந்தக்காரராக இருப்பினும் அப்பிரிவுக்குள் அகப்படலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு குடும்பம் ஓராண்டுக்கு எனக் கடதாசி எழுதி, முற்பணம் கொடுத்து மேல்மாடியில் குடியேறுகின்றது. மாத வாடகை தவறியதில்லை. ஏழாம் மாதத்தில் கூடுதல் வாடகை தருவதற்கு வேறொருவர் முன்வருகின்றார். உரிமையாளர் காலி செய்யும்படி வாய்மொழியாகக் கூறுகின்றார். பின்னர் மார்ச் 20ஆம் திகதி தண்ணீரை நிறுத்துகின்றார். ஏப்ரல் மாத வாடகையை வாங்க மறுக்கின்றார். ஏப்ரல் 5ஆம் திகதி குடும்பம் வெளியே சென்றிருந்த வேளையில் கதவுக்குப் புதிய பூட்டுப் போடுகின்றார்.

இந்த மூன்று செயல்களுக்கும் பரிகாரங்கள் வெவ்வேறு. தண்ணீரை நிறுத்தியபோது குடும்பம் வீட்டினுள்தான் இருந்தது. எனவே அது உடைமையிழப்பன்று. முதலில் பதிவுத் தபாலில் கடிதம் எழுதி, தண்ணீரை மீள வழங்கக் கோர வேண்டும். பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியையும் பெற்றுக்கொள்ள வேண்டும். அதன் பின்னரும் பயனில்லையெனில் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடைக்கட்டளை கோரலாம். கடிதமும் முறைப்பாடும் இல்லாதவரின் சொல், அங்கே வெறும் சொல்லாகவே நின்றுவிடும்.

வாடகையை வாங்க மறுப்பது ஒரு பொறியாகும். நிலுவை வைத்தார் என்று பின்னர் வழக்காடுவதற்கே பெரும்பாலும் அது செய்யப்படுகின்றது. தண்ணீர் இல்லை என்ற கோபத்தில் வாடகையைத் தாமே நிறுத்திக்கொள்பவரும் அதே பொறியில் விழுகின்றார். வங்கிக் கணக்கில் வைப்பிலிட்டோ காசுக்கட்டளையாக அனுப்பியோ பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் பொருந்தும் வளவாயின், 21ஆம் பிரிவின் கீழ் உள்ளூராட்சி அதிகார சபையில் வாடகையைச் செலுத்தலாம். ஆயினும் 1980இலும் 2002இலும் செய்யப்பட்ட திருத்தங்களால் அச்சட்டத்தின் எல்லை வெகுவாகக் குறுகிவிட்டது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பூட்டுப் போட்ட நாளிலிருந்து காலம் எண்ணப்படுகின்றது. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடபடிமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி, சமாதானக் குலைவை உண்டாக்கக்கூடிய காணித் தகராறு ஒன்றைப் பொலிஸார் நீதிமன்றின் கவனத்திற்குக் கொண்டுவரலாம். பொலிஸார் அசையாவிடின், பாதிக்கப்பட்டவர் தாமே சத்தியக் கடதாசியுடன் செல்லலாம். அங்கே வீடு யாருக்குச் சொந்தம் என்பது கேள்வியன்று. அதனை வைத்திருந்தவர் யார் என்பதே கேள்வி. தகவல் தாக்கல் செய்யப்படுவதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் அமர்த்துவதற்கு 68ஆம் பிரிவு நீதிபதிக்கு அதிகாரம் அளிக்கின்றது. எமது எடுத்துக்காட்டில் ஜூன் மாதம் 5ஆம் திகதிக்கு முன்னரே தாக்கல் நிகழ்ந்தாக வேண்டும். “ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசிப் பார்ப்போம்”, “பள்ளிவாசலில் சொல்லிப் பார்ப்போம்” என்று மூன்று மாதங்களைக் கழித்துவிட்டு வருபவருக்கு இந்தக் கதவு அடைபட்டுவிடும். பேசுவதில் தவறில்லை, நாட்காட்டியை மறந்துவிட்டுப் பேசுவதே தவறு.

உரிமையாளர் தரப்பிலும் நியாயமான மனக்குறை உண்டு. காலம் முடிந்தும் வெளியேறாதவருக்கெதிரான வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டதை நாம் அறிவோம். அக்குறையைத் தீர்க்கவே, குத்தகைக்கு விட்ட வளவுகளின் உடைமையை மாவட்ட நீதிமன்றில் விசேட நடைமுறையின் மூலம் மீளப் பெறுவதற்கான 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமையாளருக்கெனச் சட்டம் ஒரு வழியை அமைத்துக் கொடுத்திருக்கையில், வால்வை மூடுவதற்கு அவர் கூறும் சமாதானம் மேலும் வலுவிழக்கின்றது.

வீடு தேடுவோர் வாடகைத் தொகையைப் பேசும் அதே அமர்விலேயே இரண்டு வாசகங்களைக் கடதாசியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, தண்ணீரும் மின்சாரமும் வாடகையில் அடங்குமா, பட்டியலை யார் செலுத்துவது என்பது. மற்றது, உரிமையாளர் எத்தனை நாள் முன்னறிவித்தலுடன், எந்த நேரத்தில் வீட்டைப் பார்வையிட வரலாம் என்பது. இவை இரண்டும் எழுதப்படாத இடத்தில்தான் வால்வும் மறுசாவியும் ஆயுதங்களாகின்றன.